ஹாய் என்று மட்டும் எழுதினால்

டேட்டிங் செயலியில் ஒரு பெண்ணின் உள்பெட்டி எப்படி இருக்கும் என்பதை ஆண்களில் பெரும்பாலானோர் பார்த்திருக்க வாய்ப்பில்லை. வட்ட வட்டமாகச் சிறு படங்கள். பக்கத்தில் பெயர். பெயருக்குக் கீழே, வந்த செய்தியின் முதல் சில சொற்கள் மட்டும். அந்தச் சொற்களை மேலிருந்து கீழே படித்துக்கொண்டே போனால் இப்படி இருக்கும்: ஹாய். ஹாய். ஹலோ. கையசைக்கும் பொம்மை. ஹாய் டியர். ரோஜாப்பூவுடன் குட் மார்னிங். ஹாய். எப்படி இருக்கிறீர்கள். மறுபடி ஹாய்.

இவற்றில் ஒன்றை எழுதியவர் நல்ல நகைச்சுவை உணர்வு உள்ளவராக இருக்கலாம். இன்னொருவர் அலுவலகத்திலிருந்து களைத்து வந்து, நல்ல எண்ணத்தோடு, கொஞ்சம் கூச்சத்தோடு அந்த ஒரு சொல்லைத் தட்டியிருக்கலாம். படிப்பவளுக்கு அது எதுவும் தெரியப் போவதில்லை. எழுத்தில் வேறுபாடே இல்லாதபோது அவள் படத்தைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பாள். அதாவது, ஹாய் அனுப்பியவர் தன் செய்தியை வைத்துப் போட்டியிடவே இல்லை. முகத்தை மட்டும் வைத்துப் போட்டியிடுகிறார். நடிகர்களுக்கு அது சரிப்பட்டு வரும்.

"மரியாதைக்கு ஒரு ஹாய் சொன்னால்கூடப் பதில் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்" என்ற குறையை நான் அடிக்கடி கேட்கிறேன். திமிர் என்று அதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஹாயில் மரியாதைக் குறைவு ஒன்றும் கிடையாது. அதன் குறை வேறு இடத்தில் இருக்கிறது. உரையாடலைத் தொடங்கியவர் செய்ய வேண்டிய வேலையை அது மற்றவர் தலையில் கட்டிவிடுகிறது.

இமானுவேல் ஷெக்லோஃப் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், தொலைபேசி உரையாடல்கள் எப்படித் தொடங்குகின்றன என்று ஆராய்ந்து 1968இல் ஒரு கட்டுரை எழுதினார். போலீசுக்கு வந்த அழைப்புகளின் ஒலிப்பதிவுகள்தான் அவருக்கு மூலப்பொருள். அவர் கண்டது எளிமையான ஒன்று. மணி அடிப்பது ஒரு கூப்பிடுதல். எடுத்து "ஹலோ" என்பது அதற்கான பதில். இந்த இரண்டும் முடிந்ததும் பேச்சு நின்றுவிட முடியாது. கூப்பிட்டவர்தான் அடுத்து வாய் திறக்க வேண்டும், எதற்காகக் கூப்பிட்டேன் என்று சொல்ல வேண்டும். கூப்பிட்டுவிட்டு மௌனமாக இருந்தால், எடுத்தவர் "யாருங்க, என்ன வேண்டும்?" என்று எரிச்சலோடு கேட்பார்.

செயலியில் ஹாய் என்பது அந்த மணி ஓசைதான். அவள் திருப்பி ஹாய் என்று சொன்னால் கணக்குப்படி அடுத்த முறை அவனுடையது. ஆனால் அங்கே வழக்கமாக வருவது "எப்படி இருக்கிறீர்கள்?". அதற்கும் பதில் சொன்னால் "சாப்பிட்டீர்களா?". அதற்கும் பதில் சொன்னால் "அப்புறம்?". அந்த "அப்புறம்" வந்தவுடன் பெரும்பாலான பெண்கள் போனைக் கீழே வைத்துவிடுவார்கள். கூப்பிட்டவரிடம் சொல்வதற்கு விஷயம் எதுவும் இல்லை என்று அப்போது உறுதியாகிவிடுகிறது. சில அனுபவங்களுக்குப் பிறகு முதல் ஹாயிலேயே இந்த நான்கு படிகளும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். இறங்கிப் பார்க்கத் தோன்றாது.

நேரில் இந்தச் சிக்கல் இல்லை. புத்தகக் கண்காட்சியில் ஒரே அடுக்கின் முன்னால் நிற்கும் இருவரில் ஒருவர் ஹலோ சொன்னால், குரல் இருக்கிறது, முகம் இருக்கிறது, கையில் எடுத்த புத்தகம் இருக்கிறது. எதைப் பற்றிப் பேசுவது என்பதை அந்த இடமே எடுத்துக் கொடுத்துவிடும். செயலியில் எழுத்தைத் தவிர ஒன்றுமில்லை. எழுத்தில் வராதது அங்கே இல்லாததுதான்.

இது என் எரிச்சல் மட்டுமே என்று யாரும் நினைக்க வேண்டாம். 2016இல் வெளியான ஓர் ஆய்வுக்காகச் சில ஆய்வாளர்கள் லண்டனிலும் நியூயார்க்கிலும் டிண்டர் என்ற டேட்டிங் செயலியில் போலிக் கணக்குகள் தொடங்கி, என்ன வந்து விழுகிறது என்று பார்த்தார்கள். ஆண்கள் அனுப்பிய செய்திகளின் இடைநிலை நீளம் 12 எழுத்துக் குறிகள். பெண்கள் அனுப்பியவற்றில் அது 122. ஆண்களின் செய்திகளில் கால் பங்கு ஆறு எழுத்துகளுக்கும் குறைவு, அதாவது ஏறக்குறைய ஹாய் அல்லது ஹலோ. அதே ஆய்வில் இன்னோர் எண்ணும் உண்டு, ஆண்கள் பக்கத்து நியாயத்தை அதுதான் சொல்கிறது. இரண்டு பக்கமும் பிடித்திருக்கிறது என்று சொன்னால்தான் மேட்ச்; ஆண் கணக்குகளுக்கு அது கிடைத்த விகிதம் 0.6 சதவீதம், பெண் கணக்குகளுக்கு ஏறத்தாழ 10 சதவீதம். நூறு பேரைப் பிடித்திருக்கிறது என்று தள்ளினாலும் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்காத நிலையில் ஒவ்வொருவருக்கும் யோசித்து எழுத யாருக்கு மனம் வரும்? எனவே எல்லோரையும் வலப்பக்கம் தள்ளுகிறார்கள், மேட்ச் ஆனவர்களுக்கு மட்டும் ஹாய் போடுகிறார்கள். எல்லா ஆண்களும் எல்லோரையும் தள்ளுவதால் பெண்கள் இன்னும் கறாராகிறார்கள். கறாராக ஆக, ஆண்கள் இன்னும் கண்ணை மூடிக்கொண்டு தள்ளுகிறார்கள்.

இந்தச் சுழலைத் தெரிந்துவைத்திருக்கும் பெண் ஒரு வெறும் ஹாயை எப்படிப் படிப்பாள்? "இவர் என் பக்கத்தைத் திறந்தே பார்க்கவில்லை" என்றுதான். பல சமயம் அது சரியாகவும் இருக்கும்.

ஓகேகியூபிட் என்ற டேட்டிங் தளம் 2009இல் தன் வலைப்பதிவில் ஐந்து லட்சம் முதல் செய்திகளை அலசி ஒரு கட்டுரை வெளியிட்டது. ஹாய், ஹே, ஹலோ என்று தொடங்கியவற்றுக்குப் பதில் குறைவாகவே வந்திருந்தது. வணக்கமே சொல்லாமல் நேராக விஷயத்துக்குள் போனவை அவற்றைவிட நன்றாகப் போயிருந்தன. உடலழகைப் புகழ்ந்த சொற்கள் எடுபடவில்லை. எதிராளியின் பக்கத்தில் உள்ள ஒன்றைக் குறிப்பிட்டுப் பேசியவை எடுபட்டன. இதை ஒரு சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும். அன்று அது கணினித் திரையில் கடிதம்போல எழுதிய காலம்; எழுதியவர்கள் பெரும்பாலும் அமெரிக்கர்கள். அதோடு, ஹாய் என்று எழுதுபவர் வேறு விதங்களிலும் அக்கறை இல்லாதவராக, மங்கலான படமும் காலியான பக்கமும் வைத்திருப்பவராக இருக்கலாம். பதில் வராததற்கு அந்தச் சொல்தான் காரணம் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அது காட்டும் திசையும் என் உள்பெட்டி காட்டும் திசையும் ஒன்றுதான்.

ஆகவே நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றே ஒன்று. எழுதி முடித்த செய்தியை, ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல், அடுத்த பெண்ணுக்கும் அனுப்ப முடியுமா? முடியும் என்றால் அது எவ்வளவு நீளமாக இருந்தாலும் ஹாய்தான். இணையத்தில் கிடைக்கும் "சுவையான முதல் வரிகள்" எல்லாம் இந்தச் சோதனையில் தோற்கும். "நீங்கள் ஒரு காய்கறியாக இருந்தால் எந்தக் காய்கறி?" என்ற கேள்வி ஒரு வாரத்தில் மூன்று பேரிடமிருந்து வந்தால் எந்தக் காணொளியிலிருந்து எடுத்தார்கள் என்றுதான் யோசிக்கத் தோன்றும்.

என் சித்தி மகன் ஒருவன், சோழிங்கநல்லூர் பக்கம் வேலை பார்க்கிறான், ஒரு நாள் போனை என்னிடம் நீட்டி, "அக்கா, இதில் என்ன எழுதுவது, சொல்லு" என்றான். அவன் பயன்படுத்துவது ஹிஞ்ச். அதில் ஒரு பக்கத்தில் ஆறு படங்கள் வரையும், செயலி தரும் தொடக்கங்களை நிரப்பி எழுதிய மூன்று குறிப்புகளும் இருக்கும். பக்கம் முழுவதற்கும் சேர்த்து விருப்பம் தெரிவிக்க முடியாது. ஒரு படத்தையோ ஒரு குறிப்பையோ தேர்ந்தெடுத்துத்தான் தெரிவிக்க வேண்டும். கூடவே ஒரு வரி எழுதலாம். அந்த வரி, மேட்ச் ஆவதற்கு முன்பே அவளுக்குத் தெரியும். டிண்டரில் மேட்ச் ஆன பிறகுதான் வழக்கமாகப் பேச முடியும் என்பதால் முதல் செய்தி பேச்சைத் தொடங்குகிறது. ஹிஞ்சிலோ மேட்ச் ஆகலாமா வேண்டாமா என்பதையே அந்த வரி தீர்மானிக்கலாம். அங்கே போய் ஹாய் போடுவது பெரிய வீண்.

அந்தப் பெண்ணின் பக்கத்தில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் தொலைநோக்கியோடு நிற்கும் ஒரு படம் இருந்தது. பின்னால் தண்ணீரில் வெள்ளையாகச் சில பறவைகள். ஒரு குறிப்பில், தன்னால் எத்தனை முறை முயன்றும் ரசம் வைக்க முடிவதில்லை என்று எழுதியிருந்தாள்.

தம்பி முதலில் எழுதியது: "ஹாய், பறவைகள் பிடிக்குமா?" தொலைநோக்கியோடு நிற்பவளிடம் கேட்கிற கேள்வியா இது? ஆமாம் என்று ஒரு சொல்லில் முடிந்துவிடும். மறுபடி பந்து அவன் பக்கமே வந்துவிடும். அதை அழித்துவிட்டு அடுத்ததாக எழுதினான்: "பறவை பார்க்கும் ஆர்வம் உங்களுக்கு எப்படி வந்தது? யார் கற்றுக்கொடுத்தார்கள்? எந்தெந்த இடங்களுக்குப் போயிருக்கிறீர்கள்?" இது கொஞ்சம் மேல், ஆனால் நேர்காணல். மூன்று கேள்விகளுக்கும் ஒழுங்காகப் பதில் எழுத அரை மணி நேரம் வேண்டும். முகம் தெரியாதவருக்காக யாரும் அரை மணி நேரம் செலவழிக்க மாட்டார்கள். அதோடு அவனைப் பற்றி அதில் ஒரு துளியும் இல்லை.

"நீ அந்தப் பக்கம்தானே தினமும் போகிறாய்?" என்று கேட்டேன். துரைப்பாக்கம் பல்லாவரம் ரேடியல் சாலையில்தான் அவன் பைக் ஓட்டுகிறான், சதுப்பு நிலத்தை ஒட்டித்தான் அந்தச் சாலை போகிறது. கடைசியில் அவன் அனுப்பியது இது: "பின்னால் நிற்பவை கூழைக்கடாக்கள்தானே? தினமும் ரேடியல் சாலையில் அவற்றைக் கடந்துதான் வேலைக்குப் போகிறேன், வெள்ளையாக நின்றால் எல்லாம் கொக்கு என்றே இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். புதிதாகப் பார்ப்பவன் முதலில் எந்தப் பறவையை அடையாளம் காணப் பழகலாம்?"

மறுநாள் பதில் வந்தது. "கூழைக்கடா இல்லை, மஞ்சள் மூக்கு நாரை. கூழைக்கடாவுக்கு அலகின் கீழே பை இருக்கும், இதற்கு இல்லை. நீங்கள் சாலையில் பார்ப்பது எது என்று அலகைப் பார்த்துச் சொல்லுங்கள்."

இந்தச் செய்தி ஏன் வேலை செய்தது என்று பிரித்துப் பார்க்கலாம். படத்தின் ஒரு மூலையை அவன் உற்றுப் பார்த்திருக்கிறான் என்பது முதல் வரியிலேயே தெரிகிறது. பூட்டிய திரையில் தோன்றும் முதல் சில சொற்களிலேயே தெரிகிறது என்பது முக்கியம். இரண்டாவது வரியில் அவன் வாழ்க்கையிலிருந்து ஒரு சிறு துண்டு இருக்கிறது, அதனால் அவளுக்கும் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று கிடைக்கிறது. கேள்வி ஒன்றுதான். அதற்கு ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியாது, இரண்டு வரியில் சொல்லிவிடலாம். அவன் பறவையைத் தவறாகச் சொன்னதும் கெடுதலாகப் போகவில்லை. தனக்குத் தெரிந்த ஒன்றைத் திருத்திச் சொல்லும் வாய்ப்பை எவரும் எளிதில் விட மாட்டார்கள். வேண்டுமென்றே தவறாகச் சொல் என்று நான் சொல்லவில்லை; தெரியாததைத் தெரிந்ததுபோல எழுதாமல் இருந்தாலே போதும். பறவைகளில் துளியும் ஆர்வம் இல்லாதவன் அந்தப் படத்தைத் தொட்டிருக்கவும் கூடாது. அவனுக்கு ரசம் இருக்கிறது: "உங்கள் ரசம் எங்கே கைவிடுகிறது? புளியிலா, நுரை கட்டியதும் இறக்காமல் கொதிக்க விடுவதிலா?" சமைக்கத் தெரிந்தவன் எழுதினால் அதுவும் நன்றாகவே போகும்.

நம் ஊரில் மட்டும் தனியாக வரும் ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். ஹாய்க்கு மாற்றாக நம்மவர்களுக்கு இயல்பாக வாயில் வருவது "சொந்த ஊர் எது?". ரயிலில் எதிர் இருக்கையில் இருப்பவரிடம் அதைக் கேட்பது நல்ல பேச்சுத் தொடக்கம்தான். செயலியில் அது இரண்டு காரணங்களால் கெட்ட தொடக்கம். முதலாவது பாதுகாப்பு. தமிழ்நாட்டில் பல பெண்கள் வீட்டுக்குத் தெரியாமல்தான் இந்தச் செயலிகளில் இருக்கிறார்கள்; முதல் பெயர் மட்டும், அல்லது அதுவும் சுருக்கி, அலுவலகத்தின் பெயர் இல்லாமல். ஊர், வேலை, எந்தப் பகுதியில் வீடு என்று மூன்றையும் சேர்த்துக் கேட்டால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். கேட்பவர் வெகுளியாகவே கேட்டிருந்தாலும் படிப்பவளுக்கு விசாரணையாகத்தான் தெரியும்.

இரண்டாவது சாதி. சொந்த ஊர், அதில் எந்தப் பக்கம், வீட்டில் அசைவம் உண்டா, குலதெய்வம் எது. நேராகக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் இப்படிச் சுற்றிவந்து கேட்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. திருமணத் தகவல் தளங்களில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது, நிரப்பிவிடுகிறார்கள். அந்தக் கட்டம் இல்லாத இடம் வேண்டும் என்றுதான் பலர் டேட்டிங் செயலிக்கே வருகிறார்கள். அங்கே முதல் செய்தியிலேயே ஊரைக் கேட்டால், மனதில் எதுவும் இல்லாதவர்கூட அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிடுவார். படத்தில் தரங்கம்பாடிக் கோட்டை தெரிந்தால் கோட்டையைப் பற்றிக் கேட்கலாம். பேச்சு நன்றாகப் போனால் ஊர் தானாக வந்துவிடும்.

புகழ்ச்சியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. "ரொம்ப அழகாக இருக்கிறீர்கள்" என்பதும் மேலே சொன்ன சோதனையில் தோற்கும் செய்திதான். அதற்கு நன்றி என்பதைத் தவிர வேறு பதிலும் கிடையாது.

பக்கத்தில் எதுவுமே இல்லாவிட்டால்? ஒரு சூரிய அஸ்தமனம், ஒரு நாய், பயணம் பிடிக்கும் என்ற ஒரு வரி. இது பெண்கள் பக்கத்துக் குறை, ஒப்புக்கொள்கிறேன். கொக்கியே இல்லாத சுவரில் எதை மாட்டுவது? அப்படிப்பட்ட பக்கத்தில், பதில் சொல்ல எளிதான, சிறிய, விளையாட்டான கேள்வி ஒன்றை முன்வைப்பது ஓரளவு உதவும்: "நாயின் முகத்தைப் பார்த்தால் படம் எடுப்பதில் அதற்குச் சம்மதம் இல்லை என்று தெரிகிறது. உங்கள் வீட்டில் யார் பேச்சை அது கேட்கும்?" அதற்கும் பதில் இல்லையென்றால் அங்கே எழுத வேறு ஒன்றும் இல்லை.

முதல் செய்தியின் சுமை ஆண்களுக்கு மட்டும் உரியதல்ல. பம்பிள் செயலி 2014இல் தொடங்கியபோது, மேட்ச் ஆனதும் 24 மணி நேரத்துக்குள் பெண்தான் முதலில் எழுத வேண்டும் என்று விதி வைத்தது. அங்கே பெண்களும் தாராளமாக ஹாய் போட்டார்கள். 2024இல் அந்தச் செயலி, பெண் முன்கூட்டியே ஒரு கேள்வியை எழுதிவைத்துவிடலாம், மேட்ச் ஆகிறவர் அதற்குப் பதில் சொல்லி உரையாடலைத் தொடங்கட்டும் என்று ஒரு வசதியைக் கொண்டுவந்தது. யார் தொடங்கினாலும் விஷயம் வேண்டும் என்பதில் மாற்றமில்லை. அந்தக் கேள்வியை எல்லோருக்கும் ஒன்றாக வைப்பதால் அதற்கு வரும் பதில்தான் அங்கே உண்மையான முதல் செய்தி. "உங்களுக்குப் பிடித்த உணவு எது?" என்ற கேள்விக்குப் "பிரியாணி" என்று மட்டும் எழுதுபவரும் ஹாய் போட்டவரும் ஒன்றுதான்.

இதையெல்லாம் கேட்டு யாராவது ஒரு பக்கக் கடிதம் எழுத உட்கார்ந்தால் அதையும் தடுக்க வேண்டும். எலிசபெத் புரூச், மார்க் நியூமன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில் நான்கு அமெரிக்க நகரங்களின் டேட்டிங் தளத் தரவுகளை அலசினார்கள். தங்களைவிட அதிகம் விரும்பப்படுபவர்களுக்கு எழுதும்போது மக்கள் நீளமாக எழுதுகிறார்கள். ஆனால் அந்த நீளத்தால் பதில் கூடவில்லை, சியாட்டிலில் ஆண்களுக்கு மட்டும் கொஞ்சம் பலன் இருந்தது. இரண்டு, மூன்று வரி போதும். அதற்கு மேல் போனால் இத்தனைக்கும் பதில் எழுத வேண்டுமே என்ற கடன் உணர்வு வந்துவிடும், கடனைப் பார்த்தால் யாரும் ஒதுங்கத்தான் செய்வார்கள்.

பதில் வந்த பிறகுதான் பலர் சறுக்குகிறார்கள். யோசித்து எழுதிய முதல் செய்திக்கு நல்ல பதில் வந்ததும், "ஓ சூப்பர். அப்புறம் என்ன பண்ணுகிறீர்கள்?" என்று கேட்டு எல்லாவற்றையும் தரையில் போட்டுவிடுகிறார்கள். ஹார்வர்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், சில நிமிடச் சந்திப்புகளாக நடக்கும் துரித டேட்டிங்கில் யாருக்கு மறுசந்திப்பு கிடைத்தது என்றும் பார்த்தார்கள். எதிராளி சொன்னதைப் பிடித்துக்கொண்டு அதிலிருந்தே அடுத்த கேள்வி கேட்டவர்களுக்குச் சம்மதம் கூடுதலாகக் கிடைத்திருந்தது. தாவித் தாவிப் புதுக் கேள்வி கேட்பது அந்த வகையில் சேராது.

தம்பி அடுத்த நாள் சாலையோரத்தில் பைக்கை நிறுத்தி அலகைப் பார்த்திருக்கிறான். "பை இருக்கிறது, கூழைக்கடாவேதான். ஆனால் பக்கத்தில் கறுப்பாக, நெற்றி மட்டும் வெள்ளையாக ஒன்று நீந்துகிறது, வாத்தா?" என்று எழுதினான். அது நாமக்கோழி என்றும், வாத்து இல்லை என்றும், பெரும்பாக்கம் ஏரிப் பக்கம் வந்தால் இன்னும் அருகில் பார்க்கலாம் என்றும் அவள் எழுதியிருந்தாள்.

எப்போதும் இப்படி நடக்காது. நன்றாக எழுதிய செய்திகளில் பலவற்றுக்கும் பதில் வராது. அவள் செயலியைத் திறக்காமலே வாரங்கள் போயிருக்கலாம், வேறு ஒருவரோடு பேச்சு நன்றாகப் போய்க்கொண்டிருக்கலாம், படம் பிடிக்காமல் போயிருக்கலாம். சில நாள் கழித்து இன்னொரு செய்தி எழுதலாம், ஒரே ஒரு முறை, அதுவும் புதிய விஷயத்தோடு. முதல் செய்திக்குக் கீழே கேள்விக்குறியை மட்டும் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். "பதில் சொல்லக்கூட நேரமில்லையா?" என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய முதல் செய்தி என்னவாக இருந்தது என்று நான் மேலே தள்ளிப் பார்ப்பதுண்டு. பெரும்பாலும் ஹாய்தான்.